பாட்டிக்குச் சேராத பாலும் பேரனுக்கு ஆகாத பாலும்

பால் குடித்தால் வயிறு உப்பி இரைகிறவருக்கும், பால் பட்டால் உதடு வீங்குகிற குழந்தைக்கும் நம் வீடுகளில் ஒரே தீர்ப்புதான்: “பால் சேரலை, நிறுத்திடுங்க.” இந்தத் தீர்ப்பு இருவருக்குமே தவறாகப் போகிறது. முன்னவர் தயிரையும் மோரையும்கூடத் தேவையில்லாமல் விட்டுவிடுகிறார். பின்னவருக்குப் பாலை மட்டும் நிறுத்திவிட்டு, சோற்றில் நெய்யும் கையில் பிஸ்கட்டும் தொடர்கின்றன. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஒருவருக்குப் பலித்த பரிகாரத்தை வீட்டில் உள்ளவர்கள் நல்லெண்ணத்தோடு மற்றவருக்கும் செய்துபார்க்கிறார்கள். முன்னவரின் தொல்லை பாலில் உள்ள சர்க்கரையால் வருவது, குடலோடு நின்றுவிடும். பின்னவரின் தொல்லை பாலில் உள்ள புரதத்தால் வருவது, மூச்சையே நிறுத்தக்கூடியது. இந்த வேறுபாட்டை மருத்துவமனைகளிலும் மருந்துக்கடைகளிலும் பெற்றோருக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பாட்டிக்கு 62 வயது. இரவில் ஒரு டம்ளர் பால் குடித்தால் ஒரு மணி நேரத்தில் வயிறு பொருமி, கடமுடவென்று சத்தம் போட்டு, சில நாள் பேதியும் ஆகிறது. மகள் வயிற்றுப் பேரனுக்கு ஆறரை மாதம். எடை 7 கிலோ. இதுவரை தாய்ப்பால் மட்டுமே. அம்மா வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதால் டப்பாப் பால் கரைத்து 60 மி.லி. கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் வாயைச் சுற்றிச் சிவந்து தடித்தது, பிறகு வாந்தி. “எனக்கும் இப்படித்தான், நம்ம வம்சத்துக்கே பால் சேராது” என்று பாட்டி சொல்ல, மருந்துக்கடையில் கேட்டு ‘லாக்டோஸ் இல்லாத’ டப்பா வாங்கி வருகிறார்கள்.

இந்த இடத்தில் நிறுத்தி, முதலில் பாட்டியின் வயிற்றைப் பார்ப்போம்.

சர்க்கரை செய்யும் தொல்லை

பாலின் இனிப்புக்குக் காரணமான லாக்டோஸ், குளுக்கோஸும் காலக்டோஸும் சேர்ந்த இரட்டைச் சர்க்கரை. அந்தப் பிணைப்பு அறுந்தால்தான் சிறுகுடல் அதை உறிஞ்ச முடியும். அறுக்கிற வேலையைச் செய்வது லாக்டேஸ் என்னும் நொதி. இது சிறுகுடலின் உட்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகளின் மேல்விளிம்பில் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு இது தாராளமாகச் சுரக்கும். பால்குடி மறந்த பிறகு, உலகின் பெரும்பாலான மனிதர்களுக்கு, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு, இந்தச் சுரப்பு மெல்ல மெல்லக் குறைந்துவிடுகிறது. அது நோயல்ல, பாலூட்டிகளின் இயல்பே அதுதான். வளர்ந்த பிறகும் லாக்டேஸ் தொடர்ந்து சுரப்பதுதான் பின்னாளில் வந்த மாற்றம். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2002இல் கண்டறிந்தார்கள். அதே மாற்றம் இந்தியாவிலும் உண்டு. வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி வர வர அது அருகிக்கொண்டே போகிறது. தெற்கில் இதற்கு விதிவிலக்காக, எருமை வளர்த்துப் பாலை நம்பி வாழ்ந்துவந்த நீலகிரித் தோடர்களிடம் அது மிகுதியாகக் காணப்படுகிறது. 1981இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், வட இந்தியர்களில் சுமார் 27 சதவீதத்தினருக்கு லாக்டோஸ் சரிவரச் செரிக்கவில்லை. தென்னிந்தியர்களில் சுமார் 67 சதவீதத்தினருக்கு. பாட்டியின் வயிறு இந்தப் பெரும்பான்மையைச் சேர்ந்தது.

செரிக்காத லாக்டோஸ் சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்கு இறங்குகிறது. போகிற வழியில் தண்ணீரைத் தன்னோடு இழுக்கிறது. அதனால் மலம் இளகுகிறது. பெருங்குடலில் காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் என வாயுக்கள் கிளம்புகின்றன. வயிறு உப்புவதும் இரைவதும் இதனால்தான். பால் அவ்வளவு தூரம் போய்ச்சேர வேண்டும் என்பதால் அரை மணி முதல் சில மணி நேரம் கழித்தே தொல்லை தொடங்கும். தோலில் தடிப்பு வராது, மூச்சு இரைக்காது. எவ்வளவு சங்கடமாக இருந்தாலும் குடலுக்கு நிரந்தரச் சேதம் எதுவும் நேர்வதில்லை.

இதில் முக்கியமானது அளவு. பசும்பாலில் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 4.7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. 200 மி.லி. டம்ளர் ஒன்றில் 9 கிராமுக்குச் சற்று மேல். லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை பெரிய தொல்லையின்றித் தாங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உணவோடு சேர்த்தால் இன்னும் எளிது. 1995இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. தங்களுக்குப் பால் அறவே ஆகாது என்று உறுதியாகச் சொன்ன 30 பேருக்குத் தினமும் 240 மி.லி. பாலை, ஒரு வாரம் சாதாரணப் பாலாகவும் ஒரு வாரம் லாக்டோஸ் நீக்கிய பாலாகவும், எது எதுவென்று சொல்லாமல் கொடுத்தார்கள். இரண்டு வாரங்களிலும் தொல்லையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அவர்களில் 9 பேருக்கு லாக்டோஸ் நன்றாகவே செரித்தது.

ஆகவே பாட்டி பாலை முற்றாக விட வேண்டியதில்லை. இரவில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடிப்பதுதான் அவருக்கு ஒத்துவராதது. காலைக் காபியில் சேரும் 60, 70 மி.லி. பாலில் 3 கிராம் லாக்டோஸ்தான் இருக்கும். அது எந்தத் தொல்லையும் செய்யாமல் போகலாம். தயிர் இன்னும் நல்லது. உறையும்போது பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. மீதியைச் செரிக்கும் நொதியையும் அவை உயிரோடு சுமந்து குடலுக்குள் வருகின்றன. தயிரைக் கொதிக்கவைத்தால் இந்த உதவி போய்விடும் என்பதால், தயிர்சாதம் செய்கிற உபகாரத்தை மோர்க்குழம்பு செய்யாது. நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. நாள்பட முதிரவைத்த கெட்டியான சீஸிலும் அப்படித்தான். பால்கோவாவோ நேர்மாறானது: பாலைச் சுண்டக் காய்ச்சும்போது நீர்தான் போகிறது, லாக்டோஸ் முழுதும் உள்ளேயே தங்கி அடர்கிறது. பால் பவுடர் கலந்த இனிப்புகளும் அதே வகை.

பாட்டி உறுதிசெய்துகொள்ள விரும்பினால் மூச்சுப் பரிசோதனை உண்டு. இரவு முழுக்கப் பட்டினி இருந்து, 25 அல்லது 50 கிராம் லாக்டோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, அவ்வப்போது ஒரு கருவியில் ஊத வேண்டும். மூச்சில் ஹைட்ரஜன் தொடக்க அளவைவிடப் பத்து லட்சத்தில் 20 பங்கு கூடினால் செரிக்கவில்லை என்று பொருள். ஆனால் 50 கிராம் என்பது ஒரு லிட்டர் பாலுக்கு நிகர். அதில் தோற்றவர் ஒரு காபியிலும் தோற்பார் என்று கொள்ளக் கூடாது. இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்த்து, பிறகு அரை டம்ளரிலிருந்து தொடங்கி ஏற்றிப் பார்ப்பதே பலருக்குப் போதும். மலத்தில் ரத்தம், எடை இழப்பு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தசோகை ஆகியவற்றில் எது இருந்தாலும் லாக்டோஸ்மீது பழி போட்டுவிட்டு இருக்கக் கூடாது. இந்த வயதில் அவை வேறு நோயைத் தேடச் சொல்கின்றன.

பாலை அடியோடு விட்ட பெண்களின் எலும்பு பற்றி எனக்குக் கவலை உண்டு. ஒரு டம்ளர் பால் சுமார் 240 மில்லிகிராம் கால்சியம் தருகிறது. நாளொன்றுக்குத் தேவை ஏறத்தாழ 1,000. கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி ஆகியவை ஈடுகட்டும் என்றாலும், தினமும் தவறாமல் அவற்றை உண்கிற வீடு குறைவு. தயிரை மட்டுமாவது விடாமல் இருந்தால் பாதிக் கணக்கு சரியாகிவிடும்.

ஏமாளியாக்கும் ஒற்றுமை

இப்போது பேரனிடம் வருவோம். ‘வம்சத்துக்கே சேராது’ என்ற பாட்டியின் முடிவை ஒரே ஓர் எண்ணை வைத்துச் சோதிக்கலாம். தாய்ப்பாலில் 100 மி.லி.க்கு சுமார் 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. அதாவது பசும்பாலில் இருப்பதைவிட ஒன்றரை மடங்கு. ஆறரை மாதம் அதையே குடித்து நன்கு எடை ஏறிய குழந்தைக்கு லாக்டோஸ் செரிக்காமல் போக வழியே இல்லை. பரம்பரையாக வரும் லாக்டேஸ் குறைவு கைக்குழந்தைப் பருவத்தில் தலைகாட்டுவதும் இல்லை. பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாமல் பிறப்பது உலகெங்கும் மிக மிக அரிது; அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால் குடித்த முதல் நாட்களிலேயே கடும் பேதி கண்டுவிடும்.

கைக்குழந்தைக்கு லாக்டோஸ் தொல்லை வருவது பெரும்பாலும் கடும் வயிற்றுப்போக்குக்குப் பிறகுதான். ரோட்டா வைரஸ் போன்ற கிருமிகள் குடலுறிஞ்சிகளின் நுனியைச் சிதைக்கும்போது, அங்கிருக்கும் லாக்டேஸும் போய்விடுகிறது. மலம் நீராகவும் புளித்த வாடையோடும் போகும். ஆசனவாயைச் சுற்றித் தோல் சிவந்து புண்ணாகும். சில வாரங்களில் சுவர் புதிதாக வளர்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும். அதுவரையிலும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. நம் பேரனுக்கு அப்படி வயிற்றுப்போக்கு எதுவும் வந்திருக்கவில்லை.

அவனுக்கு நடந்ததைக் கடிகாரம் காட்டிக்கொடுக்கிறது. பத்து நிமிடத்தில் பால் பெருங்குடலை எட்டாது. தோல் தடிப்பு என்பது சர்க்கரை புளிப்பதால் வருவதும் அல்ல. அவன் உடலின் எதிர்ப்பாற்றல், பாலின் புரதத்தைப் பகைவனாகப் பதிந்துவைத்திருக்கிறது. பசும்பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். மீதி வே புரதங்கள், அதாவது பால் திரிந்த பின் தெளிந்து நிற்கும் நீரில் இருப்பவை. இவற்றுக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளை உடல் முன்பே உருவாக்கி, தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்களின்மீது ஒட்டிவைத்திருக்கிறது. புரதம் மறுபடி வந்து அதில் பொருந்தியதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலானவற்றைக் கொட்டுகின்றன. ரத்தக்குழாய்கள் கசிகின்றன, மூச்சுக்குழாய் இறுகுகிறது, வயிறு புரட்டுகிறது.

‘முதல் தடவைதானே கொடுத்தோம், அதற்குள் எப்படி ஒவ்வாமை?’ என்று பெற்றோர் கேட்பது நியாயம். பால் புரதம் குழந்தையை எட்ட வேறு வழிகள் உண்டு. பிறந்த அன்று, தாய்ப்பால் ஊறும் முன்பாக ஒருமுறை டப்பாப் பால் கொடுத்திருக்கலாம். தாய் குடித்த பாலின் புரதம் நுண்ணிய அளவில் தாய்ப்பாலில் கலந்திருக்கலாம். தோலில் கரப்பான் இருக்கும் குழந்தைகளுக்கு, வெடித்த தோல் வழியாகவும் உடல் அறிமுகம் பெறுகிறது. இந்தக் குழந்தையின் கன்னங்களில் இரண்டாம் மாதத்திலிருந்தே கரப்பான் இருந்தது என்பதை யாரும் அன்று நினைத்துப்பார்க்கவில்லை.

அடுத்த நாள் அந்த லாக்டோஸ் இல்லாத டப்பாவிலிருந்து 30 மி.லி. கொடுக்கிறார்கள். அதில் லாக்டோஸ் இல்லைதான்; ஆனால் பசும்பாலின் கேசினும் வேயும் அப்படியே இருக்கின்றன. உதடும் கண்ணிமையும் வீங்குகின்றன, இருமல் தொடங்குகிறது, மூச்சில் விசில் கேட்கிறது. இது அனஃபிலாக்சிஸ். தோலோடு மூச்சும் பாதிக்கப்பட்ட இந்தக் கணத்தில் வேலை செய்யும் மருந்து ஒன்றுதான்: அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில், எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 7 கிலோ குழந்தைக்கு 0.07 மில்லிகிராம், ஒரு மி.லி.யில் ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்பியூலிலிருந்து 0.07 மி.லி. ஊசியில் ஒரு சிறு கோடளவுதான் வரும் என்பதால் மருத்துவரோ செவிலியரோ அளந்து போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி போடலாம். அலர்ஜி சிரப் தடிப்பை அடக்குமே தவிர, இறுகிய மூச்சுக்குழாயைத் திறக்காது. சிரப் கொடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று காத்திருப்பதில்தான் உயிர்கள் போகின்றன. தேறிய பிறகும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருப்பது அவசியம். அடங்கியது மீண்டும் கிளம்புவது உண்டு.

பால் ஒவ்வாமை எப்போதும் இவ்வளவு வேகமாக வருவதில்லை. ஐஜிஇ இல்லாத வகையும் இருக்கிறது. சில குழந்தைகள் பால் குடித்து ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் கழித்து ஓயாமல் வாந்தி எடுத்துத் துவண்டுபோவார்கள். வேறு சில குழந்தைகள் நன்றாகச் சிரித்து விளையாடும்போதே மலத்தில் ரத்தக் கோடு காணும். இந்த வகைதான் லாக்டோஸ் தொல்லையோடு அதிகம் குழம்புகிறது. தோல் பரிசோதனையிலும் ரத்தத்திலும் அகப்படாது. இரண்டு முதல் நான்கு வாரம் பாலை நிறுத்தி, தேறியதும் மறுபடி கொடுத்து, தொல்லை திரும்புகிறதா என்று பார்ப்பது மட்டுமே வழி. அந்த ‘மறுபடி கொடுத்தல்’ என்ற பாதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதனால் தானாகச் சரியான வயிற்றுக் கோளாறுகூட ஆண்டுக்கணக்கில் ஒவ்வாமை என்ற பெயரில் நீடிக்கிறது. அழுகிற, கக்குகிற குழந்தைகளை எல்லாம் பால் ஒவ்வாமையில் சேர்த்து விலை உயர்ந்த டப்பாக்களை எழுதிக்கொடுக்கும் போக்கையும் நான் ஏற்கவில்லை.

பேரனின் வகைக்குத் தோல் பரிசோதனையும் ரத்தத்தில் பாலுக்கான ஐஜிஇ அளவும் உதவும். தோலில் பால் சாற்றின் துளியை வைத்துக் குத்தினால் எழும் தடிப்பு, வெறும் திரவத்தைவிட 3 மி.மீ. பெரிதாக இருந்தால் உடல் பாலை அறிந்துவைத்திருக்கிறது என்று பொருள். அது மட்டுமே ஒவ்வாமை ஆகிவிடாது. தொல்லையின்றிப் பால் குடிக்கிற குழந்தைக்கும் இது வரலாம். நடந்த கதையும் பரிசோதனையும் ஒத்துப்போக வேண்டும். 100, 200 உணவுகளுக்கு ஒரே ரத்தத்தில் ஐஜிஜி பார்த்துப் பட்டியல் தரும் சோதனைகளை ஆய்வகங்கள் விற்கின்றன. ஐஜிஜி என்பது அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதற்கான தடயம்தான். அந்தப் பட்டியலை நம்பிக் குழந்தையின் தட்டைக் காலி செய்கிற பெற்றோரைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

இனி அந்த வீட்டுச் சமையலறை

பாட்டிக்கு நல்லதாக இருந்த ஒவ்வொன்றும் பேரனுக்கு ஆகாது என்பதுதான் இந்த வீட்டின் சிக்கல். தயிர், மோர், பனீர், சீஸ், லாக்டோஸ் நீக்கிய பால் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. நெய்யைக் காய்ச்சி வடித்தாலும் கசண்டோடு ஒட்டிய புரதம் சிறிது தங்கும். ஒரு மி.லி. பாலில் சுமார் 33 மில்லிகிராம் புரதம் உண்டு. அதிலும் குறைந்த அளவுக்கே மூச்சிரைக்கிற குழந்தைகள் இருக்கிறார்கள். எனவே பருப்புச்சாதத்தில் நெய்க்குப் பதில் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட வேண்டும். பால் கலக்கிய கரண்டி குழந்தையின் கஞ்சியில் விழக் கூடாது. காபி குடித்த வாயோடு பாட்டி கன்னத்தில் முத்தமிட்டால் அந்த இடம் தடிக்கலாம். பழனி பஞ்சாமிர்தத்தில் நெய் உண்டு, கோயில் சர்க்கரைப் பொங்கலில் நெய் உண்டு, பல கடைகளில் பரோட்டா மாவிலேயே பால் சேர்க்கிறார்கள். பிரசாதம் என்று யாராவது ஒரு துளி வாயில் வைத்துவிடுவார்களோ என்று அந்தத் தாய் அஞ்சுவது மிகையல்ல.

பசும்பால் இல்லாவிட்டால் ஆட்டுப்பால் என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். ஆடு, எருமை, பசு மூன்றின் கேசினும் நெருங்கிய உறவு; பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. ஏ2 பால் என்று விற்பதிலும் கேசின் வகைகளில் ஒன்றுதான் சற்று வேறுபடுகிறது, மற்றவை அப்படியே. கழுதைப்பாலின் கதை வேறு. அதன் புரதம் பசுவிலிருந்து விலகியது என்பது உண்மை. இத்தாலியில் மருத்துவர் மேற்பார்வையில் அதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நம் தெருக்களில் சங்கில் பச்சையாகக் கறந்து கொடுப்பது கிருமியை அழைப்பது. கொழுப்பு மிகக் குறைந்த அந்தப் பாலை நம்பிக் குழந்தை வளரவும் முடியாது. ஒரு வயதுக்குள் தேங்காய்ப் பால், பாதாம் பால் ஆகியவையும் பாலுக்கு ஈடாகா, புரதம் போதாது.

அப்படியானால் என்ன கொடுப்பது? முதல் விடை தாய்ப்பால். அது தொடரலாம். தாய் பால் சாப்பிட்டுவிட்டு ஊட்டும்போது குழந்தைக்கு இதுவரை எதுவும் நேரவில்லை என்றால், தாய் பத்தியம் இருக்க வேண்டியதே இல்லை. இதைச் சொல்லாமல் தாயைப் பட்டினி போட்டு, கடைசியில் தாய்ப்பாலே வற்றிப்போன வீடுகள் உண்டு. தாய்ப்பால் போதாதபோது, புரதத்தை நொதிகளால் நன்றாகச் சிதைத்துத் துண்டாக்கிய சிறப்பு டப்பாப் பால் இருக்கிறது. எதிர்ப்புப் பொருள் அடையாளம் காணும் நீளமான புரதம் அதில் இல்லை. கசக்கும், விலையும் கூட. இந்த டப்பாக்கள் சிலவற்றில் லாக்டோஸ் இருப்பதைக் கண்டு பெற்றோர் திடுக்கிடுகிறார்கள். இந்தக் குழந்தைக்கு லாக்டோஸ் பகையே அல்ல. இதுவும் ஒத்துவராத சிறுபான்மைக்கு அமினோ அமிலங்களாலேயே ஆன டப்பா. ஆறு மாதம் கடந்த, ஐஜிஇ வகை ஒவ்வாமை உள்ள குழந்தைக்குச் சோயா டப்பாவும் மலிவான மாற்றாக அமையலாம். ஆனால் இவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குச் சோயாவும் ஒவ்வாமல் போவதால், முதல் முறை மருத்துவர் கண்காணிப்பில் கொடுப்பது நல்லது. ஆறரை மாதம் என்பது திட உணவு தொடங்கும் வயதும்கூட. கேழ்வரகைப் பாலெடுத்துக் காய்ச்சிய கூழ், குழைந்த பருப்பு, வாழைப்பழம், முட்டை என்று தட்டு விரிய வேண்டும். பாலைக் கண்டு பயந்து எல்லாவற்றையும் தள்ளிப்போடுவது புதிய ஒவ்வாமைகளுக்கே வழிசெய்யும்.

கடைப் பொருளில் உறை சொல்வதைப் படிக்க வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகளின்படி, பால் சேர்ந்த பொட்டலத்தில் பால் இருப்பதாக ஒவ்வாமைக் குறிப்பு அச்சிட வேண்டும். பச்சைப் புள்ளியை நம்பக் கூடாது; சைவத்தில் பால் அடக்கம். ‘லாக்டோஸ் இல்லாதது’ என்ற வரி பாட்டிக்கு எழுதியது, பேரனுக்கு அல்ல. வீகன் முத்திரைகூட அதே இயந்திரத்தில் பால் பொருள் ஓடியிருக்காது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. பேக்கரியின் கண்ணாடி அலமாரியிலும் மிட்டாய்க் கடைத் தட்டிலும் படிக்க எந்த வரியும் இல்லை. அங்கே கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்று கோருவது பேராசை அல்ல.

மாத்திரைகளில் இடுபொருளாக லாக்டோஸ் இருப்பதும் இரு திசையில் கலங்கடிக்கிறது. அந்த மிகச் சிறு அளவு பாட்டிக்கு ஒன்றும் செய்யாது. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சில பொடி மருந்துகளின் லாக்டோஸில் பால் புரதத் தடம் இருந்து, கடும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அரிதாகத் தொல்லை தந்திருக்கிறது. பேரனுக்கு என்றாவது அத்தகைய மருந்தை எழுதும் மருத்துவரிடம் இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் என்ன வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவான கோரிக்கை உண்டு. அட்ரினலின் மலிவான மருந்து. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எடைக்கேற்ற அளவை எழுதிய ஓர் அட்டை அதன் அருகிலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தனக்குத்தானே குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம் நாட்டில் எளிதில் கிடைக்காத நிலையில் இது இன்னும் அவசியம். ஒவ்வாமை உறுதியான ஏழைக் குழந்தைக்குச் சிதைத்த புரத டப்பா, மருத்துவரின் சீட்டின் பேரில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் கைக்குழந்தைக்கு டப்பா மாற்றிக் கொடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும். அன்று அந்த வீட்டில் இரண்டாம் முறை நடந்தது அதனால்தான்.

பேரனுக்கு இது ஆயுள் தண்டனை அல்ல. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பள்ளிப் பருவத்திலோ பதின்பருவத்திலோ அது விலகிவிடுகிறது. பாட்டியின் லாக்டேஸோ திரும்பி வராது. பேரனை ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை மறுபடி சோதித்து, ஐஜிஇ இறங்கிவந்தால் மருத்துவமனையில் வைத்துக் கொடுத்துப்பார்க்க வேண்டும். பலருக்கு முதலில் பொறுப்பது மாவோடு கலந்து அடுப்பில் நெடுநேரம் வெந்த பால்தான். வெப்பமும் மாவும் சேர்ந்து வே புரதத்தின் வடிவைக் குலைக்கின்றன. பால் ஒவ்வாத குழந்தைகளில் நான்கில் மூவர் அளவுக்கு இப்படி வெந்த கேக்கைத் தாங்குவதாக அமெரிக்க ஆய்வு ஒன்று 2008இல் காட்டியது. கடும் எதிர்வினை கண்ட குழந்தைக்கு இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. ஊசி தயாராக இருக்கும் அறையில், துணுக்கிலிருந்து தொடங்கி, 15 முதல் 30 நிமிட இடைவெளியில் அளவைக் கூட்டி, முடிந்த பின் சில மணி நேரம் கண்காணிக்கிறார்கள். அன்று தேறினால் வெந்த பாலை வாரத்தில் சில நாளாவது தவறாமல் கொடுத்துவர வேண்டும். தேறாவிட்டால் அடுத்த சோதனைக்கான நாளைக் குறித்துக்கொண்டு, அதுவரை இதே பத்தியத்தைத் தொடர வேண்டும்.